ராத்திரியோடு ராத்திரியாகக் கணக்கை மாற்றுவது

ஈரோட்டுப் பக்கம் பதினான்கு கிளைகள் உள்ள ஒரு ஜவுளி நிறுவனம். பில், சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பெயர், பாக்கி என்று எல்லாமே ஒரே டேட்டாபேஸில்தான் இருந்தன. அது ஓடியது மைஎஸ்க்யூஎல் 5.7 என்ற மென்பொருளில். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராது. எனவே 2024 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை இரவு மொத்தக் கணக்கையும் 8.0 பதிப்பு ஓடும் புது சர்வருக்கு மாற்றுவது என்று முடிவானது. சனி இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்துவார்கள், ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான்.

கணக்கை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைத்தான் தொழிலில் இருப்பவர்கள் டேட்டாபேஸ் மைக்ரேஷன் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க, ஒரு பெரிய ஃபைலை நகலெடுப்பது போலத்தான் தெரியும். பழைய காலத்துப் பேரேட்டை நினைத்துக்கொண்டால் சிக்கல் புரியும். பேரேட்டைப் புதிதாக எழுதி முடிக்கும் வரை பழையதில் ஒருவரும் ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது. புதியதில் எழுத ஆரம்பித்த பிறகும் பழையதைத் தொடக் கூடாது. ஒரு நிமிஷம் இரண்டு பேரேட்டிலும் எழுத்து நடந்துவிட்டால் போதும், எது உண்மைக் கணக்கு என்று தேட ஒரு வாரம் ஆகும்.

அந்த இரவுக்காக நாங்கள் செய்துவைத்திருந்தது ஒரு எக்செல் ஷீட். முப்பத்தொரு வரிகள். வரிசை எண், வேலை, பொறுப்பு, எந்த வரி முடிந்த பிறகு, எவ்வளவு நேரம், முடிந்ததற்கு அடையாளம், திரும்பும் வழி என்று ஏழு பத்திகள். முதல் ஐந்தை யாரும் எழுதிவிடுவார்கள். ஆறாவதும் ஏழாவதும் எழுதத்தான் மூன்று வாரம் ஆனது.

பொறுப்புப் பத்தியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் முதலில் சில இடங்களில் ‘நெட்வொர்க் டீம்’ என்று இருந்தது. முதல் ஒத்திகையன்று புது சர்வருக்கு ஃபயர்வாலில் வழி திறக்க வேண்டிய நேரத்தில் அந்த டீமில் இருந்த இரண்டு பேரும், மற்றவர் செய்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள். நாற்பது நிமிஷம் வீண். அன்றைக்கே டீம் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஓர் ஆளின் பெயரும் கைபேசி எண்ணும் போட்டோம். பக்கத்தில், அவர் கிடைக்காவிட்டால் யார் என்று இன்னொரு பெயர்.

நான்காவது வரி: பழைய சர்வரைப் படிக்க மட்டும் என்று பூட்டுவது. அதற்குக் கட்டளை ஒரு வரிதான்.

```
SET GLOBAL super_read_only = ON;
```

இதன் பிறகு பழைய சர்வரில் பில் போட முயன்றால் `ERROR 1290` என்று திருப்பி அனுப்பிவிடும். கட்டளையைக் கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் சொல்வதை நாங்கள் அடையாளமாக ஏற்கவில்லை. ஒரு கிளையிலிருந்து வேண்டுமென்றே ஒரு பில் போட்டுப் பார்த்து, அந்தப் பிழை எண் திரையில் வந்தால்தான் வரி பச்சையாகும். திரும்பும் வழி: `SET GLOBAL read_only = OFF;` என்று கொடுப்பது, ஒரு நிமிஷம்.

இந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அது பல வருஷம் முன்பு வேறோர் இடத்தில் பட்ட அடியின் விளைவு. மேலே உள்ள கட்டளை சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் நிற்கும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறைந்துபோகும். அங்கே மாற்றம் எல்லாம் நல்லபடியாக முடிந்து, இரண்டாம் நாள் மின்சாரம் போய் வந்ததில் பழைய சர்வர் தானாகவே எழுந்துகொண்டது, பூட்டு இல்லாமல். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் பழைய முகவரி மாற்றாமல் விட்டிருந்தார்கள். அது பழைய சர்வரைக் கண்டுபிடித்து சந்தோஷமாக பில் போட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் கணக்கு இடித்தபோதுதான் தெரிந்தது, இரண்டு பேரேடு ஓடியிருக்கிறது என்று. அதனால்தான் `my.cnf` ஃபைலிலும் அதே பூட்டை எழுதி, சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பில் போட்டுப் பார்த்து, அதே பிழை வருகிறதா என்று சோதிப்பது எங்கள் ஷீட்டில் தனி வரியாகவே இருந்தது.

இப்போது ஆறாவது பத்தி, முடிந்ததற்கு அடையாளம். ஆங்கிலத்தில் செக்பாயின்ட் என்பார்கள். இதில்தான் ஒத்திகையில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

வாடிக்கையாளர் பட்டியல் புது சர்வருக்கு வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக முதலில் எழுதியிருந்தது, பழையதிலும் புதியதிலும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. ஒத்திகையில் இரண்டு பக்கமும் 41,870. பில்லிங் திரையைத் திறந்து பார்த்தார்கள், பெயர்களும் தமிழில் சரியாகத் தெரிந்தன. பச்சை அடித்துவிட்டார்கள். கணக்குப் பிரிவு மேனேஜர் அக்கா மட்டும் நகரவில்லை.

“எண்ணிக்கை சரிங்க அக்கா” என்றார் புரோகிராமர் தம்பி.

“எண்ணிக்கை இருக்கட்டும்ங்க தம்பி. பிரின்ட் எடுத்து என் கையில கொடுங்க.”

பிரின்ட் எடுக்கும் பகுதி அந்த வருஷம் புதிதாக எழுதப்பட்ட தனி மென்பொருள். காகிதத்தில் ‘கவிதா’ இருக்க வேண்டிய இடத்தில் வந்தது இது: `à®•à®µà®¿à®¤à®¾`.

நடந்தது என்ன? கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது எண்தான். இன்றைக்கு எல்லோரும் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற எழுத்து மூன்று பைட்: `E0 AE 95`. பழைய டேட்டாபேஸைப் பல வருஷம் முன்பு அமைத்தவர், பெயர் வைக்கும் இடத்தை `latin1` என்று, அதாவது ஐரோப்பிய எழுத்துகளுக்கான முறையில், விட்டிருந்தார். அந்த முறையில் ஒரு பைட் ஒரு எழுத்து. ஆகவே டேட்டாபேஸைப் பொறுத்தவரை அங்கே ‘க’ இல்லை; `à`, `®`, `•` என்று மூன்று எழுத்து. பில்லிங் மென்பொருளும் அதே தவறான முறையிலேயே பேசியதால் போட்டது போட்டபடி திரும்பி வந்தது. இரண்டு தப்பு சேர்ந்து சரியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தம்பி புது சர்வரில் அட்டவணைகளை முன்கூட்டியே `utf8mb4` என்ற சரியான முறையில் அமைத்துவிட்டு, அதற்குள் தரவைக் கொட்டியிருந்தார். டேட்டாபேஸ் அந்த மூன்று ஐரோப்பிய எழுத்துகளையும் மிக விசுவாசமாக, ஒவ்வொன்றாக, புது முறைக்கு மாற்றி வைத்துவிட்டது. பழைய பில்லிங் திரை இன்னும் `latin1` முறையிலேயே கேட்டதால் அதற்கு மட்டும் பழையபடி நல்ல தமிழ் தெரிந்தது. கண்ணால் பார்த்தும் ஏமாந்தது அதனால்தான்.

இதற்கு நாங்கள் எழுதிய புது அடையாளம், திரையைக் கேட்காமல் டேட்டாபேஸையே நேராகக் கேட்பது.

```
SELECT CHAR_LENGTH(name), HEX(LEFT(name, 1))
FROM customer WHERE id = 2207;
```

பெயர் ‘கவிதா’ என்றால் முதல் விடை 5 என்று வர வேண்டும் (க, வ, இகரக் குறி, த, துணைக்கால் என்று ஐந்தாக எண்ணும்). இரண்டாவது விடை `E0AE95`. கெட்டுப்போன நகலில் வந்தது 15, `C3A0`. இதைப் படிக்க யாருக்கும் தமிழோ மைஎஸ்க்யூஎல்லோ தெரிந்திருக்கத் தேவையில்லை. ஷீட்டில் எழுதியிருக்கும் விடையும் திரையில் இருக்கும் விடையும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ராத்திரி மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் பார்க்கப்போகும் அடையாளம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தவறுக்கு மருந்து எளிது. அட்டவணையைப் பழைய `latin1` அமைப்பிலேயே புது சர்வரில் ஏற்றி, பிறகு பெயர் வைக்கும் இடத்தை முதலில் வெறும் பைட்டுகள் என்று அறிவித்து, அடுத்து `utf8mb4` என்று அறிவிக்க வேண்டும். இடையில் ‘இது எழுத்தே அல்ல’ என்று ஒரு கணம் சொல்லிவிடுவதால் டேட்டாபேஸ் எதையும் மொழிபெயர்க்கப் போகாது.

```
ALTER TABLE customer MODIFY name VARBINARY(300);
ALTER TABLE customer MODIFY name
  VARCHAR(300) CHARACTER SET utf8mb4;
```

கூடவே பில்லிங் மென்பொருளும் இனி `utf8mb4` முறையில் பேசும்படி மாற்ற வேண்டும். அது பன்னிரண்டாவது வரியாயிற்று. ‘எந்த வரி முடிந்த பிறகு’ என்ற பத்தியில், மேலே உள்ள இரண்டு கட்டளைகளும் இருக்கும் பதினோராவது வரியின் எண்ணைப் போட்டோம். அதற்கு முன்னால் இதைச் செய்தால் திரையில் எல்லாப் பெயரும் கந்தலாகி, பார்க்கிறவர் பதறி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

ஏழாவது பத்திக்கு வருகிறேன். முதல் வரைவில் முப்பத்தொரு வரியில் இருபதுக்கு மேல் ஒரே பதில்தான் இருந்தது: ‘பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்’. எந்த பேக்கப், எங்கே இருக்கிறது, திரும்ப ஏற்ற எவ்வளவு நேரம், கடைசியாக எப்போது ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் அறையில் சத்தம் இல்லை.

இந்த மௌனத்துக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரைத் தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அந்த பேக்கப் கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, ஒத்துப்போகாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததையெல்லாம் அவர்களே பகிரங்கமாக எழுதி வைத்ததால்தான் நமக்கு இது தெரிகிறது.

எங்கள் விஷயத்தில் முதல் இருபத்திரண்டு வரிகளுக்குத் திரும்பும் வழி உண்மையிலேயே சுலபம். பழைய சர்வரை நாங்கள் பூட்டினோமே தவிர வேறெதையும் தொடவில்லை. என்ன கெட்டாலும் பூட்டைத் திறந்து, பதினான்கு கிளைகளையும் பழைய முகவரிக்குத் திருப்பினால் போதும். அதை ஒத்திகையில் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்தோம், நாற்பது நிமிஷம். காலை ஒன்பதரைக்குக் கடை திறக்க வேண்டும் என்றால் எட்டு ஐம்பதுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஏதாவது ஒரு கிளையில் ஆள் வர லேட்டாகும் என்று வைத்து, கடைசி நேரம் எட்டு மணி என்று எழுதினோம்.

முடிவெடுப்பது யார் என்பதில்தான் கொஞ்சம் மனஸ்தாபம். டேட்டாபேஸ் ஆள் தன் பெயரைப் போட்டிருந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க முழித்து வேலை பார்த்தவருக்குத் ‘திரும்பிவிடலாம்’ என்று சொல்ல வாய் வராது. ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்றுதான் வரும். பல மைக்ரேஷன்கள் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கெட்டிருக்கின்றன. கடைசியில் மேனேஜர் அக்காவின் பெயர் போடப்பட்டது. ராத்திரி பதினொன்றுக்கு அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி, ஏழு மணிக்கு வந்து ஷீட்டை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது என்று ஏற்பாடு.

அன்றைய இரவு நினைத்தபடி போகவில்லை. தரவை ஏற்றும் வரிக்கு ஒத்திகையில் இரண்டு மணி பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பதினொன்றரைக்கு ஆரம்பித்தோம், ஒன்று நாற்பதுக்கு முடிய வேண்டும். ஒரு மணிக்குப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. காரணம் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. புது சர்வரில் தினமும் பன்னிரண்டரைக்குத் தானாக ஓடும் ஒரு பேக்கப் வேலை டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒத்திகைகள் இரண்டையும் பகலில் செய்திருந்ததால் அது எங்கள் கண்ணில் படவேயில்லை. நிறுத்திய பிறகு வேகம் பிடித்து, இரண்டு முப்பத்தைந்துக்கு முடிந்தது. ஐம்பத்தைந்து நிமிஷம் தாமதம். மொத்தத் திட்டத்தில் ஒன்றரை மணி நேரம் கையிருப்பாக விட்டிருந்ததால் யாரும் பதறவில்லை. வரிசையாக நேரம் எழுதி வைத்திருப்பதன் பலன் அங்கேதான் தெரிந்தது. லேட்டாகிவிட்டது என்ற பயத்துக்குப் பதிலாக, இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது என்ற கணக்கு கையில் இருந்தது.

எழுத்து மாற்றம், எண்ணிக்கை, கிளைவாரியாக மாதவாரியாக பில் தொகைகளின் கூட்டல், பத்துப் பெயர்களின் `HEX` விடை எல்லாம் ஒத்துப்போய் நாலரைக்கு முடிந்தது. ஏழு மணிக்கு அக்கா வந்தார், ஷீட்டைப் பார்த்தார், “போலாமுங்க” என்றார்.

ஆனால் உண்மையில் திரும்ப முடியாத இடம் அதற்குப் பிறகு வருகிறது. புது சர்வரில் முதல் பில் விழும் கணம் அது. அதுவரை பழைய சர்வரில் முழுக் கணக்கும் இருந்தது. முதல் பில்லோடு, பழையதில் இல்லாத ஒன்று புதியதில் சேர்ந்துவிடுகிறது. இனி திரும்பினால் அந்த பில் தொலையும். பெரிய நிறுவனங்கள் இதற்காகப் புதியதில் விழுவதை உடனுக்குடன் பழையதுக்கும் அனுப்பும் ஏற்பாடு செய்வார்கள். எங்களுக்கு அது ஆகாது. மைஎஸ்க்யூஎல்லில் பழைய பதிப்பிலிருந்து புதியதுக்கு அப்படி அனுப்பலாம், 8.0-இலிருந்து 5.7-க்கு அனுப்புவதை அதைத் தயாரிப்பவர்களே ஆதரிப்பதில்லை.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் டிஎஸ்பி வங்கியை நினைக்காமல் இருக்க முடியாது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை புது அமைப்புக்கு மாற்றினார்கள். தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. விழுந்தது அதைத் தாங்க வேண்டிய அமைப்பு. மக்களால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. முழுமையாக இயல்பு நிலைக்கு வர அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில்தான் சுமையைச் சோதித்திருந்தார்கள் என்று பின்னால் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. தரவு போய்ச் சேர்ந்ததா என்ற அடையாளமும், திங்கட்கிழமை காலைக் கூட்டத்தை அது தாங்குமா என்ற அடையாளமும் வேறு வேறு வரிகள்.

நாங்கள் செய்தது சின்ன வேலை. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாண்ட் கிளை ஒன்று மட்டும் புது சர்வரில் பில் போடும். மற்ற பதின்மூன்று கிளைகளும் பதினொன்று வரை கை பில் புத்தகத்தில் எழுதும். கை பில் எந்த சர்வரையும் சேர்ந்தது அல்ல. எந்தப் பக்கம் நிலைத்தாலும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்ட் கிளையின் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நகல் பிரின்ட். ஏழாவது பத்தியில் எழுதியது: ‘அறுபது பில் வரை: நகலைப் பார்த்துப் பழையதில் மறுபடி போடலாம், மூன்று பேர், ஒரு மணி நேரம்.’ அதற்கடுத்த வரி, எல்லாக் கிளைகளும் சேர்ந்த பிறகு: ‘திரும்பும் வழி இல்லை. புதியதிலேயே சரிசெய்ய வேண்டும்.’ இந்த ‘இல்லை’யை எழுத எங்களுக்குள் பெரிய தயக்கம் இருந்தது. முதலாளிக்குக் காட்டப்போகும் ஷீட் அல்லவா. அதை எழுதியதால்தான் அந்த வரிக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தை எல்லோரும் கண்ணை இமைக்காமல் பார்த்தார்கள்.

எது நடந்தால் திரும்புவது என்பதும் முன்பே எழுதப்பட்டிருந்தது. பில்லில் தொகை தப்பாக வந்தால். பெயர் கெட்டு வந்தால். ஒரு பில் போட இருபது விநாடிக்கு மேல் ஆனால். இந்த மூன்று மட்டும்.

பத்தேகாலுக்கு முதலாளியிடமிருந்து போன். அவர் கைபேசியில் பார்க்கும் விற்பனை அறிக்கையில் கிளைகள் தாறுமாறான வரிசையில் இருக்கின்றன, ஈரோடு முதலில் வரவில்லை, கணக்கு கெட்டுவிட்டதா என்று. மைஎஸ்க்யூஎல் 5.7, `GROUP BY` என்று கேட்டாலே விடையை வரிசைப்படுத்தியும் கொடுத்துவிடும், 8.0 அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது, வரிசை வேண்டுமானால் `ORDER BY` என்று தனியாகக் கேட்க வேண்டும். தொகைகள் எல்லாம் சரி, அடுக்கு மட்டும்தான் மாறியிருந்தது. அறையில் இரண்டு பேர் திரும்பிவிடலாம் என்றார்கள். அக்கா அந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டுப் படித்தார்.

“இது இதுல இல்லீங்களே. தம்பி, நீங்க அந்த ரிப்போர்ட்டைச் சரி பண்ணுங்க. நான் அண்ணங்கிட்ட பேசிக்கறேன்.”

பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் கிளையில் முப்பத்துநான்கு பில் விழுந்திருந்தது. மற்ற கிளைகளைத் திறந்துவிட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிக்கை ஆயிரத்து நூறைத் தாண்டியது.

ஷீட்டில் முப்பத்தொன்றாவது வரி மட்டும் வெகுநாள் மஞ்சளாகவே கிடந்தது: பழைய சர்வரை அணைப்பது. முப்பது நாள் கழித்து என்று எழுதியிருந்தோம். மார்ச் வந்தது, ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்றார் ஆடிட்டர். பொறுப்புப் பத்தியில் அக்கா பெயர்தான் இருந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் அவரே போய் அதன் மேல் ஒட்டியிருந்த ‘இதில் எழுதக் கூடாது’ சீட்டைக் கிழித்துவிட்டு, சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, அந்த வரிக்குப் பச்சை அடித்தார்.